நடுராத்திரியில் கைக்குழந்தைக்கு என்ன பாட்டு? எப்போது நிறுத்துவது?

தாம்பரம்_அப்பா

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு முதல் குழந்தை, பெண். பிறந்து மூன்றாவது வாரம் நடக்கிறது. மனைவிக்கு சிசேரியன். அதனால் ராத்திரி அவள் பால் கொடுத்து முடித்ததும் குழந்தையை வாங்கி, ஏப்பம் வரவைத்து, தூங்கவைப்பது என் பொறுப்பு.

போனில் ஒரு தாலாட்டுத் தொகுப்பை ஓடவிட்டு, தோளில் போட்டுக்கொண்டு ஹாலில் நடக்கிறேன். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுகிறாள். பாட்டை நிறுத்திவிட்டு மெத்தையில் விட்டதும் கண்ணைத் திறந்து அழ ஆரம்பிக்கிறாள். மறுபடி தூக்கு, மறுபடி பாட்டு. இதற்குள் அடுத்த பால் நேரம் வந்துவிடுகிறது. பாட்டுகளுக்கு நடுவே விளம்பரம் வேறு அலறுகிறது.

மெல்லிய பாட்டுகளாக ஒரு பட்டியல் கொடுத்தால் உதவியாக இருக்கும். எவ்வளவு சத்தம் வைக்கலாம், எவ்வளவு நேரம் ஓடலாம் என்றும் சொல்லுங்கள். நான் பாடிப் பழக்கம் இல்லாதவன்.

கோவை_ரேவதி

பாட்டே வேண்டாம் தம்பி. மழைச் சத்தம், ஃபேன் சத்தம் மாதிரி ஒரே சீராக ஓடும் ஒலிகள் கிடைக்கின்றன, அதை வையுங்கள். வயிற்றுக்குள் குழந்தை கேட்டதெல்லாம் ரத்தம் ஓடும் இரைச்சல்தான். அது நாம் நினைப்பதைவிடப் பெரிய சத்தம். அதனால் தயங்காமல் சத்தமாகவே வைக்கலாம். நான் என் பையனுக்குத் தலைமாட்டிலேயே போனை வைத்து விடிய விடிய ஓடவிட்டேன். நன்றாகத் தூங்கினான்.

மெய்யப்பன்_தாத்தா

என் பேத்திக்குப் பாட்டு என்றால் உயிர். கை தட்டிப் பாடும் நிலாப் பாட்டு, யானை அசைந்து வரும் பாட்டு, காக்காவைக் கூப்பிடும் பாட்டு என்று ஒவ்வொன்றையும் அபிநயத்தோடு பாடினால் சாப்பாடும் இறங்கும், தூக்கமும் வரும். அவளுக்கு இரண்டு வயது. உங்கள் குழந்தைக்கும் இதையே பழக்குங்கள்.

சுருதிப்பெட்டி

மெய்யப்பன் ஐயா, அந்தப் பாட்டெல்லாம் அருமை. ஆனால் அவை முகத்தையும் கையையும் பார்த்து ரசிக்கிற வயதுக்கு. மூன்று வாரக் குழந்தையை அவை விழிக்கவைத்துவிடும்.

தாம்பரம் தம்பி, நான் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறவள். உங்களுக்குப் பட்டியல் வேண்டாம், ஒரே ஒரு பாட்டு போதும். திரும்பத் திரும்பக் கேட்ட மெட்டு கைக்குழந்தைக்கு அடையாளம் தெரியும். 2013இல் ஹெல்சிங்கியில் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாய்மார்கள் வீட்டில் ஒரு மெட்டை வாரத்துக்கு ஐந்து முறை ஓடவிட்டார்கள். பிறந்த பிறகு அதே மெட்டைக் கேட்கவைத்து மூளை அலைகளைப் பதிவு செய்தபோது, முன்பே கேட்ட குழந்தைகளிடம் பதில் வலுவாக இருந்தது. நான்கு மாதம் கழித்தும் அந்த வித்தியாசம் தெரிந்தது. அதனால் முதலில் உங்கள் மனைவியைக் கேளுங்கள்: ஏழாம் மாதத்துக்குப் பிறகு அவர் வீட்டில் அடிக்கடி பாடியதோ முணுமுணுத்ததோ எந்தப் பாட்டு? அதுதான் உங்கள் பாட்டு. சினிமாப் பாட்டாக இருந்தாலும் பரவாயில்லை.

அதில் பல்லவியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சரணத்தில் மெட்டு மேலே ஏறும், அது வேண்டாம். தாளக்கட்டையும் விட்டுவிடுங்கள். நீங்கள் குழந்தையோடு அசைகிற வேகம்தான் தாளம். ஒரு மூச்சுக்கு ஒரு வரி. வரியின் கடைசி எழுத்தைக் கீழே இறக்கி, மூச்சு தீரும்வரை நீட்டுங்கள். நம் தாலாட்டுகள் 'ஆராரோ', 'தாலேலோ' என்று ஓகாரத்தில் முடிவதைக் கவனித்தால் புரியும். வாய் குவிந்து, சத்தம் தானாகத் தணிந்து, நீண்ட வெளிமூச்சாக முடிகிறது. தோளில் படுத்திருக்கும் குழந்தைக்கு அந்த மூச்சும் நெஞ்சின் அதிர்வும் சேர்ந்தே போகின்றன.

சுருதி பற்றிக் கவலை வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் பேசுகிற குரல் எதுவோ அதுவே சரியான சுருதி. ஆண்குரலின் கனம் இங்கே நல்லதுதான். சுருதி விலகினாலும் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு ராத்திரியும் ஒரே வேகத்தில், ஒரே இடத்தில் முடிவது அதைவிட முக்கியம்.

தாம்பரம்_அப்பா

டீச்சர், மனைவியிடம் கேட்டேன். யோசிக்காமல் சொன்னாள். சமையல் செய்யும்போது ஒரு பழைய சினிமாப் பாட்டின் பல்லவியை எப்போதும் முணுமுணுப்பாள், எனக்கே அது மனப்பாடம். சரி, அதையே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் குழந்தை வீறிட்டு அழும்போது நான் மெல்லப் பாடினால் அவளுக்கு அது காதிலேயே விழுவதில்லை. அப்போது என்ன செய்வது? நிறுத்தியதும் விழிப்பதற்கு என்ன வழி?

சுருதிப்பெட்டி

வீறிட்டு அழும்போது அடிமட்டத்தில் தொடங்கக் கூடாது. அழுகைக்குக் கொஞ்சம் கீழே, சற்றுக் கனமாகவும் வேகமாகவும் "ஓஓ... ஓஓ..." என்று ஆரம்பியுங்கள், சொற்கள் வேண்டாம். குழந்தை மூச்சு வாங்க ஒரு நொடி நிற்கும் பாருங்கள், அந்த இடைவெளியில் உங்கள் குரல் கேட்கும். அந்த இடைவெளிகள் நீள நீள, நீங்கள் வேகத்தையும் சத்தத்தையும் குறைத்துக்கொண்டே வந்து பாட்டுக்குள் நுழையுங்கள்.

முடிக்கும்போதும் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. முதலில் சொற்களோடு முழுப் பல்லவி. கை கால் தளர்ந்ததும் சொற்களை விட்டுவிட்டு ஆராரோ மட்டும், அதே மெட்டில். அப்புறம் வாயை மூடி 'ம்'. கடைசியில் அதே நீளத்துக்கு வெறும் மூச்சு. மெத்தையில் விடுகிற நேரம் 'ம்' என்கிற கட்டத்துக்குள் வர வேண்டும். உங்கள் கதையில் பாட்டு நிற்பது, கதகதப்பு போவது, அசைவு நிற்பது மூன்றும் ஒரே நொடியில் நடக்கின்றன. ஒவ்வொன்றாக விலக்குங்கள்.

இரவுப்பணி_செவிலி

பச்சிளங்குழந்தைப் பிரிவில் ராத்திரி ஷிப்டு பார்ப்பவள் நான். டீச்சர் சொன்னதோடு குழந்தையின் தூக்கம் எப்படி வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும்.

பெரியவர்கள் படுத்ததும் ஆழ்ந்த தூக்கத்தை நோக்கிப் போகிறோம். பிறந்த குழந்தை நேர்மாறு. முதலில் வருவது அரைத் தூக்கம். இமைக்குள் கண்மணி உருளும், உதடு சப்பும், மூச்சு ஏறி இறங்கும், திடீரென்று சிரிக்கும். 'நரி விரட்டுது' என்று பாட்டிமார் சொல்வார்களே, அந்தச் சிரிப்பும் சிணுங்கலும் இந்தக் கட்டத்தில்தான். சுமார் 15, 20 நிமிஷம் இது நீடிக்கும். அதற்குள் கீழே விட்டால் விழிப்பது சகஜம். பிறகு மூச்சு ஒரே சீராகும், முகம் அசையாது. கையை லேசாகத் தூக்கிவிட்டால் துணி போலத் தொப்பென்று விழும். அதுதான் கீழே விடும் நேரம். பாட்டை எப்போது குறைப்பது என்பதற்குக் கடிகாரத்தைப் பார்க்காமல் இந்தக் கையையும் மூச்சையும் பாருங்கள்.

2022இல் ஜப்பானின் ரிக்கென் ஆராய்ச்சி நிலையத்தார் அழும் குழந்தைகளின் இதயத் துடிப்பைப் பதிவு செய்து பார்த்தார்கள். தூக்கிக்கொண்டு 5 நிமிஷம் நிற்காமல் நடந்தால் பல குழந்தைகள் அடங்கின. தூங்கிய பிறகு உடனே விடாமல் 5 முதல் 8 நிமிஷம் உட்கார்ந்து வைத்திருந்துவிட்டு விட்டால் விழிப்பது குறைவு. முதுகு மெத்தையைத் தொடும்போது வருவதாக நாம் நினைக்கும் விழிப்பு, பெற்றோர் உடம்பிலிருந்து பிரியத் தொடங்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது. அதனால் கீழே விட்ட பிறகும் ஒரு கையை நெஞ்சின் மேல் வைத்தபடி 'ம்' சொல்லுங்கள். குரல் அடங்கிய பிறகு கை விலகட்டும்.

ரேவதி அம்மா, கருவறைக்குள் நல்ல சத்தம் என்பது உண்மை. ஆனால் அது நீரையும் சதையையும் கடந்து வரும் மந்தமான இரைச்சல். போன் ஸ்பீக்கரின் சத்தம் நேராகக் காதுக்குள் போகிறது. குழந்தைகளுக்கான தூக்க ஒலிக் கருவிகள் 14ஐ 2014இல் ஒரு குழந்தை மருத்துவ ஆய்வில் அளந்தார்கள். முழு ஒலியில் வைத்தபோது 2 மீட்டர் தள்ளியும் ஒன்றைத் தவிர எல்லாமே 50 டெசிபலைத் தாண்டின. மருத்துவமனைக் குழந்தைகள் அறைக்குப் பரிந்துரைக்கும் எல்லையே அந்த 50தான். மூன்று கருவிகள் 30 சென்டிமீட்டரில் 85க்கும் மேலே போயின. எனவே தலைமாட்டில் வேண்டாம். போனை அறையின் மறுகோடியில், 2 மீட்டருக்குக் குறையாமல், மிகக் குறைந்த ஒலியில் வையுங்கள். தொட்டில் பக்கத்தில் நின்று நீங்கள் தணிந்த குரலில் பேசினால் அது போன் சத்தத்தில் அமுங்கக் கூடாது. தூங்கியதும் அணைத்துவிடுங்கள்.

கோவை_ரேவதி

தள்ளி வைப்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மெயின் ரோட்டு வீட்டில் லாரி ஹாரனை மறைக்க அந்த இரைச்சல் இல்லாமல் முடியாது, அதற்கு எந்தப் பாட்டும் போதாது. இதில் என் அபிப்பிராயம் மாறவில்லை.

இரவுப்பணி_செவிலி

ஹாரனை மறைக்க என்றால் சரி. ஜன்னல் பக்கம் வையுங்கள், குழந்தைக்கும் ரோட்டுக்கும் நடுவே.

யாழ்_தங்கம்

நான் யாழ்ப்பாணம். எங்கட வீட்டில் பிள்ளையை ஏணையில் போட்டு ஓராட்டித்தான் நித்திரையாக்குவது. அம்மா பாட்டுக்காக ஏணையை ஆட்டமாட்டா, ஏணை ஆடுகிற கணக்குக்குத்தான் பாடுவா. அங்கால் போகும்போது 'ஆராரோ', இங்கால் வரும்போது 'ஆரிவரோ'. ஏணை கட்டின கூரை வளையிலிருந்து பிள்ளை படுக்கிற இடம் ஒரு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஏறத்தாழ 2 மீட்டர் இருக்கும். போய்வர மூன்று விநாடிக்குச் சற்றுக் குறைவு. கயிறு அந்த நீளம் இருக்கிறவரைக்கும் அந்த வேகம் மாறாது, ஆர் ஆட்டினாலும் பாட்டு அவசரப்படாது.

சொற்களும் அவவே கட்டுவா. "ஆர் அடிச்சு அழுகிறாய்" என்று தொடங்கி மாமா பூச்செண்டாலே அடிச்சவரோ, மாமி மாலையாலே அடிச்சவவோ என்று ஒவ்வொரு சொந்தமாகப் போகும். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவரின் பெயரும் அதில் வந்துவிடும். வெளிநாட்டில் இருக்கிற என் தம்பிக்குப் பிள்ளை பிறந்தபோது, அம்மா தொலைபேசியில் பாடிப் பாடி அவனுக்குப் பழக்கிவிட்டா. தம்பி தன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, நடைக்கு ஏற்றபடி பாடுவான். சொந்தக்காரர் வரிசை முடிகிற வரைக்கும் பாட்டும் முடியாது, அதனால் புதுப்பாட்டுத் தேடத் தேவை வருவதில்லை.

இரவுப்பணி_செவிலி

தங்கம் அக்கா சொன்ன ஆட்டக் கணக்கு ரொம்ப நல்லது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஏணையோ தூளியோ, முதல் மாதங்களில் குழந்தையின் தாடை நெஞ்சில் ஒட்டும்படி கழுத்து மடங்கினால் மூச்சுக்குழாய் நெருக்கப்படும். அதில் ஆட்டித் தூங்கவைத்தாலும், தூங்கியதும் சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைத்துவிடுங்கள். தலையணை வேண்டாம், பக்கத்தில் துணிமூட்டையும் வேண்டாம். பாடுகிறவருக்கே கண் சொக்கினால் சோபாவில் சாய்ந்து பாடாதீர்கள். குழந்தையைக் கீழே விட்டுவிட்டுப் பாடுங்கள், அழுதாலும் பரவாயில்லை.

யாழ்_தங்கம்

எங்கட அம்மா அறுவரை ஏணையிலேயேதான் வளர்த்தவா. ஆனாலும் அவ பக்கத்திலேயே இருப்பா, கண் எடுக்கமாட்டா. இப்ப ஆளில்லாத வீடுகளில் நீங்கள் சொல்வது சரிதான்.

தஞ்சாவூர்_ரசிகன்

யாரும் நீலாம்பரியைப் பற்றிப் பேசவில்லையே! தூக்கத்துக்கு என்றே இருக்கிற ராகம். குலசேகராழ்வார் ராமனைத் தாலாட்டிய பாசுரங்களை அந்த ராகத்தில் வீணையில் வாசித்த பதிவு ஏதாவது போட்டுவிடுங்கள், எந்தக் குழந்தையும் தூங்கிவிடும். ராகத்துக்கே அந்தச் சக்தி உண்டு.

சுருதிப்பெட்டி

ரசிகன் சார், எனக்கும் நீலாம்பரி ரொம்பப் பிடிக்கும். அந்தப் பாசுரங்களை அதில் பாடும் வழக்கம் உண்டு, தாலாட்டுக்கு அது பொருந்துவதும் உண்மை. காந்தாரமும் மத்தியமமும் மெல்ல ஊசலாடி, பிடிகள் சுற்றிச் சுற்றிக் கீழே வந்து உட்காருகின்றன. ஆனால் பிறந்த குழந்தைக்கு ராகம் தெரியாது. அதே நீலாம்பரியில் ஒரு கீர்த்தனையைக் கச்சேரி வேகத்தில் மிருதங்கத்தோடு பாடினால் யாரும் தூங்கமாட்டார்கள். மெதுவாகவும் குறைந்த சுரங்களுக்குள்ளும் பாடினால் வேறு ராகமும் இதே வேலையைச் செய்யும். பழகாதவர் நீலாம்பரியின் பிடிகளைப் பாடப்போனால், அது சரியாக வருகிறதா என்ற கவலையில் மூச்சு இறுகும். தம்பிக்கு அந்தப் பல்லவியே போதும்.

தஞ்சாவூர்_ரசிகன்

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை நீலாம்பரியில்தான் தூங்கியது. நான் அதை விடமாட்டேன்.

கலா_சேலம்

எனக்கு ஒரு சந்தேகம். தினமும் பாடித் தூங்கவைத்தால் பாட்டு இல்லாமல் தூங்கவே முடியாது என்று ஆகிவிடாதா? என் மூத்தவளுக்கு ஒன்றரை வயதுவரை நானேதான் பாட வேண்டும், அவள் அப்பா பாடினாலும் அழுவாள். இரண்டாவது குழந்தைக்கு நான் பாடவே இல்லை, அரைத் தூக்கத்திலேயே படுக்கவைத்துவிட்டேன். அவன் தானாகத் தூங்கப் பழகினான்.

இரவுப்பணி_செவிலி

முதல் ஆறேழு வாரத்தில் குழந்தையின் உடம்புக்கு ராத்திரி பகல் வித்தியாசமே இன்னும் பிடிபடாது. வயிறும் சின்னது, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் வேண்டும். அந்த வயதில் தானாகத் தூங்கப் பழக்குவதை நான் எதிர்பார்க்கமாட்டேன். அதற்குப் பிறகு அரைத் தூக்கத்தில் விட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஒருவர் மட்டுமே பாடினால் அந்தக் குரலுக்கு மட்டும் பழகுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் முதல் வாரத்திலிருந்தே இருவரும் அதே பாட்டைப் பாடுவது நல்லது.

கலா_சேலம்

எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. பிள்ளைக்குப் பிள்ளை மாறும் என்றுதான் தோன்றுகிறது.

தாம்பரம்_அப்பா

நேற்று ராத்திரி நடந்ததை எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

இரண்டு மணிப் பால் முடிந்து குழந்தையை வாங்கினேன். விளக்கைப் போடவில்லை, நடையில் எரியும் சின்ன பல்பு மட்டும். நிமிர்த்தித் தோளில் போட்டு முதுகைத் தடவியதும் ஏப்பம் வந்தது. உடனே காலை உதைத்து அழுதாள். "ஓஓ" என்று கொஞ்சம் கனமாக ஆரம்பித்து ஹாலில் நடந்தேன். டீச்சர் சொன்ன இடைவெளி நிஜமாகவே வந்தது. மூச்சு வாங்கும்போது தலையை என் கழுத்துப் பக்கம் திருப்பினாள். அங்கே பல்லவியை எடுத்தேன். ஹாலின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போக ஒரு வரி, திரும்பி வர ஒரு வரி.

கண் மூடியதும் நாற்காலியில் நேராக உட்கார்ந்தேன். இமை துடித்தது, உதடு சப்பியது. முன்பெல்லாம் இந்த நேரத்தில்தான் கீழே விடுவேன். இந்தத் தடவை ஆராரோவுக்கு மாறி அப்படியே உட்கார்ந்திருந்தேன். நடுவே ஒருமுறை சிணுங்கினாள். செவிலி அக்கா சொன்ன 'நரி' ஞாபகம் வந்ததால் தூக்கிக் குலுக்காமல் பாட்டை மட்டும் தொடர்ந்தேன், தானே அடங்கினாள். அப்புறம் கையைத் தூக்கிப் பார்த்தேன், தொப்பென்று விழுந்தது. 'ம்' என்றபடியே குனிந்து, முதலில் பிட்டம், அப்புறம் முதுகு, கடைசியில் தலை என்று விட்டேன். என் நெஞ்சு அவளிடமிருந்து விலகும்போது கைகளை விரித்து ஒரு திடுக்கிடல். உள்ளங்கையை நெஞ்சில் வைத்து 'ம்' சொல்லிக்கொண்டே இருந்தேன். அடங்கிவிட்டாள். அடுத்த பாலுக்குத்தான் எழுந்தாள்.

ஆனால் விடிகாலை நாலரைக்கு இதே முறை வேலை செய்யவில்லை. எல்லாம் அப்படியே செய்தும் அழுகை நிற்கவே இல்லை. கடைசியில் மனைவி மறுபடி பால் கொடுத்தபோதுதான் நின்றது.

இரவுப்பணி_செவிலி

அது பசி, தம்பி. பாட்டு பசியைத் தீர்க்காது. பால் குடித்துக் கொஞ்ச நேரமே ஆகியிருந்தாலும் வாயைத் திறந்து தலையை இப்படியும் அப்படியும் திருப்பினால், கையை வாய்க்குக் கொண்டுபோனால், பாடத் தொடங்கும் முன்பே மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். இந்த வாரங்களில் சில குழந்தைகள் விடாமல் அடிக்கடி கேட்கும். ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

உடம்பு சூடு 100.4 ஃபாரன்ஹீட் இருந்தாலோ, பாலே குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, அழுகை வழக்கத்தைவிடக் கீச்சென்று வேறு மாதிரி இருந்தாலோ, பாடிப் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். இந்த வயதில் காய்ச்சலுக்கு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இன்னொன்று, ஆறாவது வாரம் வாக்கில் சாயங்கால அழுகை இன்னும் கூடலாம். உங்கள் பாட்டு கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள்.

தாம்பரம்_அப்பா

சரி அக்கா. இன்றைக்கு அவள் வாயையும் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். டீச்சர், பல்லவியில் இரண்டாவது வரி கொஞ்சம் மேலே போகிறது, அங்கே என் குரல் உடைகிறது. என்ன செய்யலாம்?

சுருதிப்பெட்டி

முதல் வரியையே இரண்டு முறை பாடிவிட்டு நேராக ஆராரோவுக்குப் போய்விடுங்கள். மனைவியையும் அப்படியே பாடச் சொல்லுங்கள், இரண்டு பேர் பாட்டும் ஒன்றாக இருக்கட்டும்.

மதுரை_இரட்டையர்_அம்மா

இங்கே ஒரு கேள்வி. எங்களுக்கு இரட்டைக் குழந்தைகள். ஒன்று தூங்கும்போது மற்றது அழுகிறது. ஒன்றுக்குப் பாடினால் மற்றது விழிக்குமா? இரண்டுக்கும் ஒரே பாட்டா, தனித்தனியா?

இரவுப்பணி_செவிலி

ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கும் குழந்தை மெல்லிய பாட்டுக்குச் சாதாரணமாக விழிக்காது, அரைத் தூக்கத்தில் இருந்தால் விழிக்கலாம். எங்கள் பிரிவில் எல்லோருக்கும் ஒரே முணுமுணுப்புதான். வீட்டில் எப்படிச் செய்தார்கள் என்று இரட்டைக் குழந்தை வளர்த்தவர்கள் யாராவது வந்து சொன்னால் நன்றாக இருக்கும்.